திருக்காமக்கோட்டம்: சிவன் கோயிலில் அம்மை பெற்ற தனியிடம்

தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிமுற்றத்தில், நந்தி மண்டபத்திற்கு வடபால், தெற்கு நோக்கி அமைந்திருப்பது பெரியநாயகி அம்மன் கோயில். வழிபடச் செல்வோர் பெருவுடையாரை வணங்குவதோடு அம்மையையும் வணங்கி மீள்வர். சிவன் கோயில் என்றால் அம்மன் சன்னிதியும் உண்டு என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், இராசராச சோழன் தன் 25ஆம் ஆட்சியாண்டாகிய 1010இல் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தபோது, இவ்வம்மன் கோயில் அங்கு இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான காலம் கழிந்து, 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில்தான் அது எழுந்தது.

தமிழகத்தின் மிகப் பெரிய சிவன் கோயில் ஒன்று, அம்மைக்கெனத் தனிக் கோயில் இன்றியே எழுப்பப்பட்டது ஏன்? பின்வந்தோர் அதனைச் சேர்க்க வேண்டுமெனக் கருதியது ஏன்? சிவன் பெரியவனா, சக்தி பெரியவளா என்று மாணவர் வினவும்போது புராணக் கதையொன்றைச் சொல்லி அமைவது எளிது. ஆனால் அவ்வினாவுக்குக் கோயிற் கற்களிலும் ஒரு விடை உண்டு. அவ்விடை, கதைகள் தரும் விடையினும் சற்றே சிக்கலானது.

பழையோள்

தமிழர் வழிபட்ட பெண்தெய்வங்களுள் நூல்வழி நாம் அறியும் மிகப் பழைய தெய்வம் கொற்றவை. தொல்காப்பியம் புறத்திணையியலில் கொற்றவை நிலை என்னும் துறையைக் கூறுகிறது. போருக்குச் செல்வோர் வெற்றி வேண்டி வணங்கிய தெய்வம் அவள். அத்தெய்வத்துக்குக் கணவன் இன்னான் என்று கூறவேண்டிய தேவை அங்கு எழவில்லை.

திருமுருகாற்றுப்படையில் ஒரு மாற்றம் தென்படுகிறது. நக்கீரர் முருகனை மலைமகளின் மகன் என்கிறார். அப்பகுதியிலேயே கொற்றவையின் சிறுவன் என்றும், பழையோளின் குழவி என்றும் விளிக்கிறார். இமயத்தோடு தொடர்புடைய மலைமகளும், பாலைநிலத்து வெற்றித் தெய்வமாகிய கொற்றவையும் ஒரே தாயாக அங்கு இணைகின்றனர். பழையோள் என்னும் சொல்லே சிந்தனைக்குரியது. அப்புலவர் காலத்திலேயே அவள் தொன்மையான தெய்வம் எனக் கருதப்பட்டாள் என்பதை அச்சொல் காட்டுகிறது.

சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி இவ்விணைப்பை மேலும் விரிக்கிறது. எயினர் தம் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலம் செய்து வழிபடுகின்றனர். எருமைத்தலைமேல் நிற்கும் அத்தெய்வம் திருமாலுக்குரிய சங்கும் சக்கரமும் ஏந்துகிறது. சிவனுக்குரிய நெற்றிக் கண்ணும் அதற்கு உண்டு. சிவனது ஒரு பாகத்தில் உறைபவளாகவும் அது போற்றப்படுகிறது. ஆண்தெய்வங்களின் அடையாளங்களை எல்லாம் தானே தாங்கிய தனித்தெய்வமாகவும், ஓர் ஆண்தெய்வத்தின் பாதியாகவும் ஒருத்தியே காட்டப்படுகிறாள். பிற்காலத்துக் கோயில்களில் நாம் காணும் இருநிலைகளும் இங்கேயே கருக்கொண்டுள்ளன எனலாம்.

உடனுறைந்த அம்மை

இவ்விருநிலைகளையும் பல்லவர் கல்லில் வடித்தனர். மாமல்லபுரத்தில் திரௌபதி இரதம் என இன்று வழங்கும் ஒற்றைக்கல் கோயில் உண்மையில் கொற்றவைக்குரியது. உள்ளே தேவி தனித்து நிற்கிறாள். அடியார் இருவர் காலடியில் உள்ளனர். அவருள் ஒருவன் தன் தலையையே அரிந்து படைக்க முற்படுகிறான். இது தேவி தனித்து ஆளும் நிலை.

சிவன் கோயில்களில் நிலைமை வேறு. இராசசிம்ம பல்லவன் காலத்துக் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் சிற்பம் இடம்பெறும். சிவன் அமர்ந்திருக்க, அருகில் உமை அமர்ந்திருப்பாள். இருவருக்கும் நடுவே குழந்தையாகக் கந்தன் இருப்பான். அம்மை அங்குக் கருவறைக்குள்ளேயே இருக்கிறாள். ஆயினும் அவளுக்கெனத் தனிக் கருவறை இல்லை.

தேவாரத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. திருஞானசம்பந்தர் மதுரையில் பாடும்போது, அங்கயற்கண்ணியோடு இறைவன் அமர்ந்திருத்தலைக் குறிக்கிறார். தலந்தோறும் அம்மையின் பெயரோ அழகோ பாடப்படுகிறது. ஆனால் பெயர் இருப்பதைக் கொண்டு தனிச் சன்னிதியும் அன்று இருந்தது என முடிவு செய்தல் தவறாகும். ஒரு பாகத்தில் உறைபவள் என்று பாடுவதற்குத் தனிக் கட்டடம் வேண்டுவதில்லை அன்றோ?

சோழர் காலத்தின் முற்பகுதியிலும் இம்முறையே தொடர்ந்தது. உலாவுக்குரிய செப்புத் திருமேனிகளில் மட்டும் இறைவனுக்குத் துணையாக உமைக்கும் தனித் திருமேனி செய்யப்பட்டது. தஞ்சைக் கோயிலில் இராசராசனின் தமக்கை குந்தவை, தட்சிணமேரு விடங்கர்க்கும் தஞ்சை விடங்கர்க்கும் துணையாக உமாபரமேசுவரி திருமேனிகளைச் செய்தளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே இராசராசன் கோயிலில் அம்மை இல்லை என்பது பிழை. அவள் இருந்தாள், இறைவனுடன் இருந்தாள். அவளுக்கெனத் தனிக் கோயில்தான் இல்லை.

இதனிடையே பழைய கொற்றவையும் மறைந்துவிடவில்லை. தஞ்சையைக் கைப்பற்றிய விசயாலயன் அங்கே நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். சோழர் கட்டிய சிவன் கோயில்களிலோ, கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் வடசுவர் மாடத்தில் எருமைத்தலைமேல் நிற்கும் துர்க்கையை இன்றும் காணலாம். சிவனின் மனைவியாக அன்றி, கோயிலைக் காப்பவளாக அவள் அங்கே நிற்கிறாள்.

தனிக் கோயில் தோன்றிய காலம்

முதலாம் இராசேந்திரன் 1012 முதல் 1044 வரை ஆண்டான். அவன் காலம் தொட்டுக் கல்வெட்டுகளில் ஒரு புதுச் சொல் தலைகாட்டுகிறது. அதுவே திருக்காமக்கோட்டம் என்பது. சிவன் கோயில் வளாகத்துக்குள் அம்மைக்கென எடுக்கப்பெற்ற தனிக் கோயிலை அச்சொல் குறிக்கிறது. அங்கு எழுந்தருளிய தெய்வம் திருக்காமக்கோட்டத்து ஆளுடைய நாச்சியார் எனப்பட்டாள். ஆளுடைய என்னும் அடைமொழியை ஊன்றிக் காணல் வேண்டும். இறைவனை ஆளுடையார் என்றழைத்தது போலவே, அம்மையையும் அடியாரை ஆட்கொள்ளும் உரிமையுடையவளாக அக்காலத்தார் கருதினர்.

இப்பெயர் காஞ்சியிலிருந்து வந்தது எனக் கருதப்படுகிறது. இராசேந்திரனுக்கு நெடுங்காலம் முன்னரே சுந்தரர் தம் திருவோணகாந்தன்தளிப் பதிகத்தில், காஞ்சியில் காமக்கோட்டம் இருக்க, நீர் போய் ஊராரிடம் பிச்சை ஏற்பது ஏன் என்று இறைவனை நகையாடுகிறார். அம்மை அறம் வளர்க்கும் இடம் அருகிருக்க இறைவன் பிச்சைக்குச் செல்வது தகுமோ என்பது அவ்வினாவின் உட்பொருள். எனவே, காமக்கோட்டம் காஞ்சியில் தேவிக்குரிய தனியிடமாக அன்றே புகழ்பெற்றிருந்தது. காஞ்சிச் சிவன் கோயில்களுக்கெல்லாம் காமாட்சியே பொதுவான அம்மை என்பதும், அதனால் அங்குள்ள சிவன் கோயில்களில் தனி அம்மன் சன்னிதி அமைப்பதில்லை என்பதும் அந்நகரத்து மரபு. ஓர் ஊருக்கே உரியதாக இருந்த ஒரு கோயிலின் பெயர், பின்னர் நாடெங்கும் அம்மன் சன்னிதிகளின் பொதுப்பெயராயிற்று.

11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பரவி வேரூன்றியது. தில்லையில் சிவகாமி அம்மைக்குரிய கோயில் 12ஆம் நூற்றாண்டில் விரிவு பெற்றது. இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரம் கோயிலுக்கு வடபால் அம்மனுக்குத் தனி மதிலோடு கூடிய கோயில் உள்ளது. புதிய கோயில்கள் அம்மன் சன்னிதியோடு எழுந்தன. பழைய கோயில்களில் அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது. தஞ்சையில் நிகழ்ந்ததும் அதுவே. அங்கே பாண்டியர் காலக் கல்வெட்டு, அம்மையை உலகமுழுதுடைய நாச்சியார் என்று குறிக்கிறது. பெருவுடையாருக்கு ஏற்ற பெயரே அம்மைக்கும் இடப்பட்டது.

கல்லில் காலம் காணல்

ஒரு கோயிலின் அம்மன் சன்னிதி எக்காலத்தது என்பதை ஆசிரியரும் மாணவரும் ஓரளவு தாமே ஆராய்ந்தறியலாம். முதலில் காணவேண்டியது அதிட்டானம், அதாவது கட்டடத்தின் அடித்தளம். அங்குள்ள கல்வெட்டுகளுள் மிகப் பழையது எம்மன்னனுடையது என்று நோக்குதல் வேண்டும். இறைவன் சன்னிதியில் முதலாம் பராந்தகன் கல்வெட்டும், அம்மன் சன்னிதியில் பாண்டியர் கல்வெட்டு மட்டுமே இருப்பின், பின்னது காலத்தால் பிற்பட்டது என ஊகிக்கலாம்.

அடுத்துக் காணத்தக்கது போதிகை. தூணின் தலைமேல் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் கல்லே போதிகை எனப்படும். முற்காலச் சோழர் போதிகை பெரும்பாலும் அணிவேலைப்பாடு குறைந்து, சரிவாக வெட்டப்பட்டிருக்கும். பிற்காலத்தில் அதன் நடுவில் பிதுக்கம் ஒன்று தோன்றி, மேலும் வளர்ந்து, விசயநகரர் காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டாக முடியும். இறைவன் சன்னிதியில் ஒரு வகையும் அம்மன் சன்னிதியில் மற்றொரு வகையும் காணப்படின், இரண்டும் ஒரே காலத்தவை அல்ல என்பது தெளிவு.

ஆயினும் இவ்வாராய்ச்சியில் பிழை நேர்வதும் உண்டு. திருப்பணியின்போது பழைய கல்வெட்டுக் கற்களைப் பிரித்து வேறு சுவரில் வைத்துக் கட்டியிருப்பர். வரிகள் நடுவில் அறுபட்டோ, தலைகீழாகவோ, தொடர்பின்றியோ இருந்தால் அக்கற்கள் இடம் மாறியவை என்று கொள்ள வேண்டும். கட்டடம் பழையதாய், அதன் பயன் புதியதாய் இருத்தலும் கூடும். கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று அம்மன் சன்னிதியாக விளங்குவது இராசேந்திரன் காலத்து வடகயிலாயம். சிவனுக்கென எழுப்பிய அச்சிறுகோயில் பின்னர் அம்மனுக்குரியதாயிற்று. கட்டடத்தின் காலத்தை மட்டும் கண்டு, அங்கே அம்மன் வழிபாடும் அன்றே தொடங்கியது எனக் கூறின் அது பிழையாகும். அவ்வாறே, தலபுராணம் கூறும் தொன்மை வழிபாட்டின் பெருமையைக் காட்டுமேயன்றிக் கட்டடத்தின் காலத்தைக் காட்டாது.

நூல்கள் கூறும் இரு விடைகள்

தனிக் கோயில்கள் பெருகிய 13ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த சாத்திரங்களும் தமிழில் உருப்பெற்றன. சக்தி சிவனின் அருள் என்பது அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் நிறுவும் கருத்து. அருளின்றிச் சிவம் இல்லை; சிவமின்றி அருளும் இல்லை. ஞாயிறும் அதன் ஒளியும் போல இரண்டும் பிரிவற்றன. ஒளி இல்லாத ஞாயிறு இல்லை. ஆயினும் ஒளிக்கு முதல் ஞாயிறே. ஆகவே இந்நெறியில் சக்தி சிவனுக்குத் தாழ்ந்தவள் அல்லள். எனினும் அவள் சிவனுடைய சக்தியே.

சாக்த நெறி இதனை மறுதலையாக நோக்குகிறது. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய தேவி மாகாத்மியம் 13 அத்தியாயங்களை உடையது. எருமை அசுரனை வெல்ல இயலாத தேவர்களின் ஒளிகள் ஒன்றுகூடித் தேவியின் உருவாகின்றன. ஒவ்வொரு தேவனும் தன் படைக்கலத்தை அவளுக்கு அளிக்கிறான். இம்மட்டில் நோக்கின், அவள் ஆண்தெய்வங்களின் ஆற்றலால் ஆனவள் என்றே தோன்றும். ஆனால் கதை அங்கு முடியவில்லை. பின்னர்ச் சும்பனோடு நடக்கும் போரில், தேவர்களின் சக்திகள் ஏழு மாதர் முதலானோராக வெளிப்பட்டு அவளுக்குத் துணை நிற்கின்றனர். பிறர் வலிமையை நம்பிப் போரிடுகிறாய் என்று சும்பன் இகழ, அவர்கள் அனைவரும் தன் விரிவுகளே எனக் கூறித் தேவி அவர்களைத் தன்னுள் ஒடுக்கிக்கொள்கிறாள். தேவர்களிடமிருந்து வந்ததாகத் தோன்றியது, உண்மையில் அவளுக்கே உரியது என்பது முடிவு.

ஒரே உறவை இரு நெறிகளும் இரு முனைகளிலிருந்து காண்கின்றன. ஒன்றில் சிவன் முதல், சக்தி அவன் இயல்பு; மற்றொன்றில் சக்தி முதல், தேவர் அவளால் இயங்குவோர். திருக்காமக்கோட்டம் இவற்றுள் எதனையும் வாதிட்டு நிறுவவில்லை. பிரிவற்றவள் என்று கூறப்பட்டவளுக்கு அது தனிவாயிலும் தனிப்பூசையும் தனிவிழாவும் அளித்தது. அதன் விளைவு ஊருக்கு ஊர் வேறுபட்டது.

மதுரையில் முடிசூடிய அம்மை

அவ்விளைவு மிகத் தெளிவாகப் புலனாகும் இடம் மதுரை. அங்கு இறைவனும் அம்மையும் கிழக்கு நோக்கிய சன்னிதிகளில் எழுந்தருளியுள்ளனர். அம்மையின் சன்னிதி இறைவனுக்குத் தென்பால், அதாவது அவன் வலப்புறத்தில் உள்ளது. வழிபடுவோர் முதலில் மீனாட்சியை வணங்கி, அதன் பின்னரே சொக்கநாதரை வணங்குவர்.

திருவிளையாடற் புராணத்தின்படி, மலயத்துவச பாண்டியன் வேள்வித்தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய மகள் தடாதகை. தந்தைக்குப்பின் அவளே முடிசூடி ஆள்கிறாள். எண்திசையும் வென்று கயிலை வரை படை நடத்துகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைய, அவனே தன் கணவன் என உணர்கிறாள். மணத்திற்குப்பின் சிவன் சுந்தர பாண்டியனாகி மதுரையை ஆள்கிறான்.

இக்கதையை இருவகையாகப் படிக்கலாம். தனித்து ஆண்ட பெண்ணரசியைச் சைவம் மணத்தின்வழித் தன்னுள் அடக்கிக்கொண்டது என்பது ஒரு வாசிப்பு. போரில் தோலாதவள் சிவனைக் கண்டு நாணி நிற்பது அதற்குச் சான்றாகும். மணமகன் பெண்வீட்டிற்கு வந்து, மனைவி வழியாகவே அரசுரிமை பெற்றான் என்பது மற்றொரு வாசிப்பு. சுந்தர பாண்டியனின் செங்கோல் மீனாட்சியிடமிருந்து வந்ததே என்பதில் ஐயமில்லை.

விழா இவ்விரண்டையும் விட்டுக்கொடாமல் நடத்துகிறது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிடேகம் செய்து செங்கோல் அளிக்கின்றனர். ஒன்பதாம் நாள் திக்குவிசயம்; பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஆவணியில் சொக்கநாதருக்குப் பட்டாபிடேகம் நிகழும். சித்திரை முதல் ஆவணி வரை நான்கு திங்கள் அம்மையின் ஆட்சி. எஞ்சிய எட்டுத் திங்கள் இறைவனின் ஆட்சி. கணக்கிட்டால் இறைவனின் காலமே நீண்டது. ஆயினும் இரவுதோறும் பல்லக்கில் ஏறி வருபவர் சொக்கநாதரே. பள்ளியறை அம்மையின் சன்னிதியில் உள்ளது. நூலில் மனைவியாக அடங்கியவள், வழக்கில் வீட்டுக்கு உரியவளாக நிற்கிறாள்.

முறை மாறிய இடம்

மணவாளனோடு உறையும் அம்மையின் வரலாறு இவ்வாறிருக்க, கொற்றவையைப் போலத் தனித்து நிற்கும் அம்மனும் ஊர்தோறும் நிலைத்தாள். மாரியம்மன் கோயில்களில் அவளே மூலத்தெய்வம். கடல்கடந்து வந்த தமிழர் சிங்கப்பூரில் 1827இல் நிறுவிய மாரியம்மன் கோயிலில் அம்மன் நடுவே வீற்றிருக்க, இராமரும் முருகனும் இருமருங்கும் தனிச் சன்னிதிகளில் உள்ளனர். சிவன் கோயிலில் அம்மைக்கு நேர்ந்தது இங்கு முறை மாறி ஆண்தெய்வங்களுக்கு நேர்ந்திருக்கிறது.

ஆகவே, சிவன் பெரியவனா, சக்தி பெரியவளா என்னும் வினாவுக்கு எல்லாக் கோயிலுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. கருவறைச் சுவரில் உடனமர்ந்தவள், வடசுவர் மாடத்தில் காவல் நிற்பவள், திருக்காமக்கோட்டத்தில் ஆளுடையவள், மதுரையில் முடிசூடியவள் எனப் பல நிலைகளில் அவள் நிற்கிறாள். ஒருநிலை வந்தபோது முன்னது அழிந்துவிடவில்லை. பழையதை வைத்துக்கொண்டே புதியதைச் சேர்ப்பதே தமிழ்நாட்டுக் கோயிலின் வழக்கம். தஞ்சையில் வடபால் நிற்கும் அச்சன்னிதியைப் பின்வந்தோர் செய்த இடைச்செருகல் என ஒதுக்குவதும், இராசராசனே கட்டினான் என மயங்குவதும் தவறு. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரேனும் அம்மைக்கு ஓர் இல்லம் வேண்டும் என ஒரு தலைமுறை எண்ணியது. அவ்வெண்ணத்தின் சான்றாக அக்கோயில் இன்றும் தெற்கு நோக்கி நிற்கிறது.